மொட்டைமாடிக் காய்கறித் தோட்டம்: எது பையில், எது சிமெண்ட் தொட்டியில்

மாடித்தோட்டம் போட நினைப்பவர்கள் முதலில் கேட்பது க்ரோ பேக் நல்லதா, சிமெண்ட் தொட்டி நல்லதா என்பதுதான். இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. வெண்டை, தக்காளி, கீரை, பாகல் போல நான்கைந்து மாதத்துக்குள் காய்த்து ஓய்ந்துவிடும் செடிகளுக்குப் பை போதும். கத்தரியும் மிளகாயும் கவாத்து செய்தால் ஒரு வருடத்துக்கு மேலும் நின்று காய்க்கும். அவற்றைச் சிமெண்ட் தொட்டியில் வைக்கலாம். பை லேசானது, வேண்டிய இடத்துக்கு நகர்த்தலாம், ஆனால் வெயிலில் இற்றுப்போகும். தொட்டி காற்றுக்கும் அசையாது, வருடக்கணக்கில் உழைக்கும், ஆனால் வைத்தால் வைத்த இடம்தான்.

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு தோட்டத்தை எடுத்துக்கொண்டு அடிமுதல் போகலாம். நான்கு பேர் உள்ள குடும்பம், மாடியில் 4 மீட்டருக்கு 3 மீட்டர் இடம். அதில் வெண்டைக்கும் தக்காளிக்கும் 30 சென்டிமீட்டர் விட்டமும் அதே உயரமும் உள்ள எட்டுப் பைகள், கொடிகளுக்கு 38 சென்டிமீட்டர் அளவில் இரண்டு பைகள், கீரைக்கு 60-க்கு 30 சென்டிமீட்டரில் நீளமான மூன்று பைகள், கத்தரிக்கும் மிளகாய்க்கும் மூன்று சிமெண்ட் தொட்டிகள். முதல் வருடத்துக்கு இதற்கு மேல் வேண்டாம். ஒரு ஆள் காலையில் அரைமணி நேரத்தில் பார்த்து முடிக்கக்கூடிய அளவு இதுதான்.

மாடி தாங்குமா?

ஆட்கள் ஏறிப் புழங்கும் மொட்டைமாடியைப் பொதுவாகச் சதுர மீட்டருக்கு 150 கிலோவாவது கூடுதல் சுமை தாங்கும்படி கணக்கிட்டுக் கட்டுவார்கள். யாரும் ஏறாத கூரைக்கு இதில் பாதிதான் இருக்கும். தளம் விரிசல் விட்டிருந்தாலோ, கீழ்வீட்டுக் கூரையில் கம்பி துருப்பிடித்துப் பூச்சு உதிர்ந்திருந்தாலோ கட்டடப் பொறியாளர் ஒருவர் பார்க்காமல் எதையும் ஏற்ற வேண்டாம்.

நம் தோட்டத்தின் எடையைப் போட்டுப் பார்க்கலாம். சின்னப் பையில் மேலே நான்கு சென்டிமீட்டர் விட்டு நிரப்பினால் 18 லிட்டர் கலவை பிடிக்கும். நன்றாகத் தண்ணீர் குடித்த நிலையில் 20 கிலோ வரும். கொடிப் பை 40 கிலோவும் கீரைப் பை 40 கிலோவும் இருக்கும். சிமெண்ட் தொட்டிதான் ஆளை அசத்தும். 45 சென்டிமீட்டர் விட்டம், 40 சென்டிமீட்டர் உயரம், மூன்று சென்டிமீட்டர் கனமுள்ள சுவர் என்றால் காலித் தொட்டியே 44 கிலோ. நனைந்த மண்ணோடு 95 கிலோ ஆகிவிடும். மொத்தமாகக் கூட்டினால் ஏறக்குறைய 650 கிலோ. பன்னிரண்டு சதுர மீட்டரில் பரப்பினால் சதுர மீட்டருக்கு 54 கிலோதான், பயமில்லை.

ஆனால் சராசரி பார்த்துத் திருப்திப்பட்டுவிடக் கூடாது. மூன்று தொட்டியையும் அழகுக்காகத் தளத்தின் நடுவில் சேர்த்து வைத்தால், அந்த ஒரு சதுர மீட்டரில் மட்டும் 285 கிலோ நிற்கும். தளம் தொய்வதும் விரிசல் விடுவதும் நடுவில்தான். அதனால் தொட்டிகளை, கீழ்த்தளத்தில் சுவரோ பீமோ ஓடும் வரிசைக்கு நேர்மேலே, ஒன்றுக்கொன்று ஒரு மீட்டராவது தள்ளி வையுங்கள். கீழ்வீட்டுக்குள் போய்ச் சுவர் எங்கே இருக்கிறது என்று அளந்துகொண்டு வந்து மாடியில் சுண்ணக்கட்டியால் கோடு போட்டால் வேலை சுலபம். சுவருக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பால்கனி, சன்ஷேட் ஆகியவற்றில் தொட்டி கூடவே கூடாது. கைப்பிடிச் சுவரின் மேல் சின்னப் பையைக்கூட வைக்காதீர்கள். காய்த்த செடிக்குக் காற்று பிடித்தால் அது தெருவில் போகிறவர் தலையில்தான் முடியும்.

அடுத்தது கசிவு. மாடியின் வடிகால் துளைகளைத் துணியால் இறுக அடைத்து, இரண்டரை சென்டிமீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் கட்டி ஒரு நாள் முழுக்க விடுங்கள். இதற்குச் சதுர மீட்டருக்கு 25 கிலோதான் எடை. மறுநாள் கீழே கூரையில் ஈரத்தடம் தெரிகிறதா என்று பார்க்க வேண்டும், முக்கியமாகச் சுவரும் கூரையும் சேரும் மூலைகளில். தெரிந்தால் முதலில் வாட்டர் ப்ரூஃபிங், அப்புறம்தான் தோட்டம். பைகளை அடுக்கிய பிறகு கசிவு தெரியவந்தால் எந்த இடத்தில் இறங்குகிறது என்று கண்டுபிடிக்கவே முடியாது.

வெயிலையும் ஒரு நாள் கவனித்துவிடுங்கள். காலை ஒன்பது, பகல் பன்னிரண்டு, மாலை மூன்று ஆகிய நேரங்களில் தண்ணீர்த் தொட்டியின் நிழலும் பக்கத்துக் கட்டடத்தின் நிழலும் எங்கே விழுகின்றன என்று குறியுங்கள். காய்க்கிற செடிகளுக்கு ஆறு மணி நேரம் நேர் வெயில் வேண்டும். கீரை நான்கு மணி நேரத்தில் ஒப்பேற்றிவிடும்.

பையும் தொட்டியும் வாங்கும்போது

பை வாங்கும்போது புற ஊதாக் கதிரைத் தாங்கும்படி செய்ததா என்று கேட்டு வாங்குங்கள். வெளிப்பக்கம் வெள்ளை அல்லது வெளிர் நிறமாக இருப்பது நல்லது. கறுப்புப் பையின் தெற்கு, மேற்குப் பக்கங்கள் பகலில் கொதிக்கும். வேர்ப்பகுதி 35 டிகிரிக்கு மேல் மணிக்கணக்கில் இருந்தால் வேர் வளர்வது குறைந்துவிடும். செடியைப் பிடுங்கிப் பார்த்தால் வேர் எல்லாம் நிழல் பக்கமே ஒதுங்கியிருப்பதைக் காணலாம். பைகளை நெருக்கி வைத்து, மேற்குப் பக்கத்து வரிசைக்கு மட்டும் சாக்கோ பழைய துணியோ சுற்றிவிட்டால் இது பெருமளவு தீர்ந்துவிடும். தையலும் கைப்பிடியும் உறுதியாக இருக்கின்றனவா என்று இழுத்துப் பாருங்கள். பை முதலில் விடுவது தையலில்தான்.

புதுச் சிமெண்ட் தொட்டியில் உடனே செடி வைக்கக் கூடாது. சிமெண்ட்டிலிருந்து சுண்ணாம்பு கரைந்து மண்ணின் காரத்தன்மையை ஏற்றிவிடும். அடித்துளையை அடைத்து, தண்ணீர் நிரப்பி, இரண்டு நாளுக்கு ஒருமுறை கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீர் ஊற்றி, பத்து நாள் இப்படி விடுங்கள். உள்சுவரில் வெள்ளையாகப் படிவதைத் தேங்காய் நாரால் தேய்த்துக் கழுவிவிடலாம். இதைச் செய்யாமல் நட்டால் ஒரு மாதத்தில் அடையாளம் தெரியும். கொழுந்து இலைகள் மஞ்சளாகி, நரம்பு மட்டும் பச்சையாக நிற்கும், கீழ் இலைகள் நன்றாகவே இருக்கும். மண்ணில் இரும்புச்சத்து இருந்தும் காரத்தால் செடிக்குக் கிடைக்காமல் போவதே காரணம். பலரும் இதை உரக் குறைவு என்று நினைத்து எரு மேல் எருவாகப் போடுவார்கள், மஞ்சள் போகாது.

தொட்டியை நேராகத் தளத்தில் வைக்காமல் மூன்று செங்கல்களின் மேல் நிறுத்துங்கள். பைக்குச் செங்கல் மட்டும் போதாது. அடி தொய்ந்து துளை அடைபடும், அதனால் செங்கல் மேல் ஒரு பலகையோ கம்பி ஸ்டாண்டோ வைத்து அதன் மேல் பை. அடியில் கை நுழையும் இடைவெளி இருக்கட்டும். அதற்குள் துடைப்பம் போக வேண்டும், ஈரம் காய வேண்டும், துளை வழியாக வேர் வெளியே வந்து தளத்தின் பூச்சைத் தேடுகிறதா என்று குனிந்து பார்க்க முடிய வேண்டும். தட்டு வைத்துத் தண்ணீரைத் தேக்குவது கொசுவுக்கு வீடு கட்டித்தருவதுதான்.

மண்கலவை

தோட்டத்து மண்ணை மட்டும் பையில் நிரப்புகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். நிலத்தில் மண்புழுவும் ஆழமும் மண்ணைப் பொலபொலவென்று வைத்திருக்கும். பையில் அதே மண் இரண்டு மாதத்தில் இறுகி, மேலே வெடிப்பு விட்டு, உள்ளே காற்றே இல்லாமல் போகும். எடையும் ஒன்றரை மடங்குக்கு மேல் கூடும்.

பைகளுக்குச் செம்மண், நார்க்கழிவு எனும் கோகோபீட், நன்றாக மக்கிய எரு அல்லது மண்புழு உரம் மூன்றும் சம அளவு. எடைக்கணக்கு வேண்டாம், ஒரே வாளியால் அளந்தால் போதும். சிமெண்ட் தொட்டிக்கு மண்ணைக் கூட்டி இரண்டு பங்கு மண், ஒரு பங்கு கோகோபீட், ஒரு பங்கு எரு என்று போடுங்கள். காரணம் இதுதான்: கோகோபீட்டும் எருவும் மேலும் மக்கி வற்றிக்கொண்டே போகும். பையில் பருவத்துக்குப் பருவம் கொட்டிப் புதுப்பிக்கலாம், தொட்டியில் செடி நின்றுகொண்டிருக்கும்போது அது முடியாது. மண் அதிகம் இருந்தால் அமிழ்வது குறையும்.

நம் தோட்டத்துக்குப் பைகளில் 325 லிட்டர், தொட்டிகளில் 115 லிட்டர், ஆக 440 லிட்டர் கலவை தேவை. கலக்கும்போது பொடி இடுக்குகளில் இறங்கிக் கொள்ளளவு சுருங்கும் என்பதால் பத்தில் ஒரு பங்கு கூட்டிக்கொள்ளுங்கள். இதில் கோகோபீட் 150 லிட்டர் அளவு வரும். ஐந்து கிலோக் கட்டி ஒன்றை ஊறவைத்தால் ஏறக்குறைய 70 லிட்டர் ஆகும், ஆக இரண்டு கட்டி வாங்கினால் சரியாக இருக்கும்.

கட்டியை ஊறவைப்பதில் ஒரு விஷயம் இருக்கிறது. தென்னை நாரில் இயல்பிலேயே உப்பு உண்டு. கழுவாமல் விற்கிற கட்டியில் அது செடியைக் கருக்கும் அளவுக்கு இருக்கும். ஊறி உப்பிய பிறகு நிறையத் தண்ணீர் ஊற்றி, துணியில் கட்டிப் பிழிந்து, அந்தத் தேயிலை நிறத் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள். வடியும் தண்ணீர் வெளிறும்வரை இரண்டு மூன்று முறை செய்ய வேண்டியிருக்கும். கழுவியது என்று உறையில் போட்டிருந்தாலும் ஒருமுறை அலசுவதில் நஷ்டமில்லை. உப்பு மிஞ்சினால் நாற்றின் இலை ஓரம் பழுப்பாகக் கருகத் தொடங்கும், நடு இலை பச்சையாகவே இருக்கும்.

எல்லாவற்றையும் தார்ப்பாயில் கொட்டி, சின்னப் பை ஒன்றுக்கு ஒரு கைப்பிடி என்ற கணக்கில் வேப்பம்புண்ணாக்குத் தூள் சேர்த்துப் புரட்டுங்கள். பெரிய பைக்கும் தொட்டிக்கும் இரண்டு கைப்பிடி. ஒரு கை அள்ளி இறுக்கிப் பிடித்துத் திறந்தால் உருண்டையாக நிற்க வேண்டும், விரலால் தொட்டதும் உதிர வேண்டும். உதிராமல் களிபோல ஒட்டினால் மண் களிமண் சார்ந்தது, கோகோபீட் கொஞ்சம் கூட்டுங்கள். நிற்காமலே உதிர்ந்தால் ஈரம் போதாது. நிரப்பிய பைகளை லேசான ஈரத்தில் பத்து நாள் சும்மா விட்டுவிடுங்கள். எரு சரியாக மக்காமல் இருந்தால் இந்த நாட்களில் கலவை சூடாகும், உள்ளே விரல் விட்டால் தெரியும். சூடு அடங்கிய பிறகே நடவு.

அடியில் கல் போடாதீர்கள்

தண்ணீர் நன்றாக வடியட்டும் என்று பையின் அடியில் ஜல்லியோ ஓட்டுத் துண்டோ ஒரு அடுக்கு போடும் வழக்கம் பரவலாக இருக்கிறது. இது நினைத்ததற்கு நேர்மாறாக வேலை செய்யும்.

நனைந்த பஞ்சைத் தூக்கிப் பிடித்தால் மேல்பக்கம் வடிந்துவிடும், அடிப்பக்கம் மட்டும் சொட்டாமல் ஈரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கும். பையிலும் அப்படித்தான். எத்தனை துளை இருந்தாலும் கலவையின் கடைசிச் சில சென்டிமீட்டர் எப்போதும் ஊறியே இருக்கும், ஏனென்றால் பொடியான கலவை தண்ணீரை இழுத்துப் பிடிக்கும் விசை அந்த உயரம்வரை புவியீர்ப்பை வென்றுவிடுகிறது. அடியில் கல் போட்டால் தண்ணீர் கலவையிலிருந்து கல்லின் பெரிய இடைவெளிக்குள் எளிதில் இறங்காது. ஊறிய பகுதி கல்லுக்கு மேலே ஏறி உட்கார்ந்துகொள்ளும். ஐந்து சென்டிமீட்டர் கல் போட்டால் ஐந்து சென்டிமீட்டர் வேர்இடம் போனதுதான் மிச்சம்.

வேண்டியதெல்லாம், துளை வழியாக மண் ஓடாமல் இருக்க ஒரு சின்ன வலைத்துண்டு, அல்லது வளைந்த ஓட்டுச்சில்லு ஒன்றைக் கவிழ்த்து வைப்பது. அவ்வளவுதான். பையில் துளைகள் அடியில் மட்டும் இருந்தால், பக்கவாட்டில் அடியிலிருந்து இரண்டு சென்டிமீட்டர் உயரத்தில் நான்கு துளை போட்டுவிடுங்கள். அடித்துளை அடைத்தாலும் அவை காப்பாற்றும். ஊறிய அடுக்கின் உயரம் பை குட்டையானாலும் நெட்டையானாலும் ஏறக்குறைய ஒன்றுதான் என்பதால், குட்டைப் பையில் காய்கறிச் செடிக்கு மூச்சுவிட இடம் இருக்காது. தக்காளியைக் கீரைப் பையில் வைத்தால் தேறாததற்குப் பாதிக் காரணம் இது.

எத்தனை செடி?

பலர் எல்லாவற்றிலும் ஒவ்வொன்று நட்டுவிட்டு, அறுவடையை என்ன செய்வது என்று தெரியாமல் விழிப்பார்கள். இரண்டு வெண்டைச் செடி வைத்தால் ஒரு நாளைக்கு ஒரு காய் கிடைக்கும். ஒரு வேளைக்குச் சேர்வதற்குள் முதல் காய் வாடிவிடும், செடியிலேயே விட்டால் நார் ஏறிவிடும். அதனால் செடிக் கணக்கை ஒரு வேளைச் சமையலிலிருந்து பின்னோக்கிப் போட வேண்டும். நன்றாகக் காய்க்கும் காலத்தில் ஒரு வெண்டைச் செடி இரண்டு அல்லது மூன்று நாளுக்கு ஒரு காய் தரும். எட்டுச் செடி என்றால் மூன்று நாளில் எட்டுக் காய்க்குக் குறையாது. ஒரு சின்னப் பையில் இரண்டு வெண்டை, ஆக நான்கு பை.

மீதி நான்கு சின்னப் பைகளில் தக்காளி, பைக்கு ஒரே செடி. இரண்டு வைத்தால் இரண்டும் சேர்ந்து ஒன்றின் விளைச்சலைத்தான் தரும். தொட்டிகளில் இரண்டு கத்தரி, ஒரு மிளகாய். மிளகாய் ஒரு செடி நான்கு பேருக்குப் போதும். பெரிய பைகளில் ஒரு பாகல், ஒரு வெள்ளரி. இவை ஆண் பூவும் பெண் பூவும் தனித்தனியாகப் பூக்கும், பெண் பூவின் அடியில் குட்டிக் காய் தெரியும். மாடி உயரத்தில் தேனீ வருவது குறைந்தால், காலையில் ஆண் பூவைப் பறித்து இதழை நீக்கி, பெண் பூவின் நடுவில் தொட்டுவிட வேண்டும். கீரையை மூன்று பையிலும் ஒரே நாளில் விதைக்காமல் பத்து நாள் இடைவெளி விட்டு விதையுங்கள். முதல் பை அறுவடைக்கு வரும்போது மூன்றாவது முளைத்து வந்துகொண்டிருக்கும்.

வெண்டை, கீரை, கொடிகளை நேரடியாக விதைக்கலாம். தக்காளி, கத்தரி, மிளகாய் மூன்றையும் குழித்தட்டில் விதைத்து, 25 முதல் 35 நாள் நாற்றாக மாலை நேரத்தில் நடுங்கள். தக்காளி நாற்றைக் கீழ் இலைகளைக் கிள்ளிவிட்டு, தண்டில் பாதி மண்ணுக்குள் போகும்படி நடலாம். புதைந்த தண்டிலிருந்தும் வேர் விடும். கத்தரியையும் மிளகாயையும் குழித்தட்டில் இருந்த மட்டத்திலேயே நடுங்கள். தக்காளிக்கு ஊன்றுகோலை நடும் அன்றே குத்திவிடுவது நல்லது, அப்புறம் குத்தினால் வேர் அறுபடும்.

தண்ணீர்

மாடித்தோட்டத்தில் செடி சாவது பெரும்பாலும் தண்ணீரால்தான், அதிலும் குறைவைவிட அதிகத்தால். ஒரு சின்னப் பை செடிக்குப் பயன்படும்படி மூன்று, நான்கு லிட்டர் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். நட்டு ஒரு வாரமான நாற்றுக்கு ஒரு டம்ளர் போதும். காய்த்து நிற்கும் தக்காளி கோடையில் ஒரே நாளில் இரண்டு லிட்டர் இழுத்துவிடும். ஆக, "தினமும் ஒரு மக்" என்கிற கணக்கு எந்தச் செடிக்கும் பொருந்தாது.

விரலை இரண்டாம் கணுவரை மண்ணுக்குள் விடுங்கள். ஈரம் ஒட்டினால் அன்றைக்கு வேண்டாம். இன்னும் சுலபம், பையின் கைப்பிடியைப் பிடித்து ஒரு பக்கம் லேசாகத் தூக்கிப் பார்ப்பது. தண்ணீர் குடித்த பைக்கும் காய்ந்த பைக்கும் உள்ள கனவேறுபாடு ஒரு வாரத்தில் கைக்குப் பழகிவிடும். தொட்டியில் இது முடியாது, அங்கே விரல்தான். மதிய வெயிலில் இலை தொங்குவதைப் பார்த்து உடனே ஊற்றக் கூடாது. மாலையில் தானாக நிமிர்ந்தால் அது வெறும் வெப்பம். காலையிலும் தொங்கினால் மண்ணைத் தொட்டுப் பாருங்கள். காய்ந்திருந்தால் தாகம், ஈரமாக இருந்தும் தொங்கினால் வேர் அழுகுகிறது என்று பொருள்.

கோகோபீட் கலந்த பையில் ஏமாற்றும் நிலை ஒன்று உண்டு. இரண்டு மூன்று நாள் ஊருக்குப் போய்த் திரும்பி வந்து ஊற்றுகிறீர்கள். ஊற்றிய வேகத்தில் அடியில் வடிந்துவிடுகிறது. நன்றாக நனைந்துவிட்டது என்று தோன்றும். ஆனால் முற்றிலும் காய்ந்த கோகோபீட் தண்ணீரை ஏற்காது, சுருங்கிப் பையின் சுவரைவிட்டு விலகியும் இருக்கும். தண்ணீர் அந்த ஓர இடுக்கு வழியாக ஓடிப்போயிருக்கிறது. நடுவே விரல் விட்டால் தூசிபோல வறண்டிருக்கும். அப்போது அரை லிட்டர் ஊற்றி, பத்து நிமிடம் விட்டு, மறுபடி அரை லிட்டர் என்று நான்கைந்து முறை ஊற்றினால் மெல்ல ஏற்றுக்கொள்ளும். சின்னப் பை என்றால் ஒரு அகலமான டப்பில் தண்ணீர் வைத்து அரைமணி நேரம் இறக்கி வைத்துவிடலாம். மேலே காய்ந்த இலைச்சருகை மூடாக்காகப் பரப்பிவிட்டால் இந்த நிலையே அரிதாகத்தான் வரும்.

போர் தண்ணீர் உப்பாக இருக்கும் வீடுகளில் பையின் வெளிப்புறத்திலும் தொட்டியின் சுவரிலும் வெள்ளைப் படிவு காணும். மாதம் ஒருமுறை, அடித்துளையில் தாராளமாக வடியும்வரை ஊற்றிச் சேர்ந்த உப்பைக் கழுவிவிடுங்கள். சேமித்த மழைநீர் இருந்தால் அதற்கு அதைப் பயன்படுத்தலாம்.

தக்காளியின் அடிப்பாகம் கறுத்துத் தட்டையாக அமுங்கினால் உடனே மருந்து தேடாதீர்கள். காய்க்குச் சுண்ணாம்புச்சத்து போய்ச் சேராததால் வருவது அது, போய்ச் சேராததற்குக் காரணம் பெரும்பாலும் ஒரு நாள் காய்வதும் மறுநாள் ஊறுவதுமான நீர்ப்பாய்ச்சல். ஈரத்தைச் சீராக வைத்தால் அடுத்து வரும் காய்கள் சரியாகிவிடும், கறுத்த காய் தேறாது.

உரம்

கலவையில் போட்ட எரு ஆறிலிருந்து எட்டு வாரம் தாங்கும், சரியாகச் செடி காய்ப்புக்கு வரும் நேரத்தில் தீர்ந்துவிடும். அதனால் முதல் பூ தெரிந்ததும், பதினைந்து நாளுக்கு ஒருமுறை சின்னப் பைக்கு இரண்டு கைப்பிடி மண்புழு உரத்தை ஓரமாகத் தூவி லேசாகக் கிளறி மூடுங்கள். தண்டை ஒட்டிப் போட வேண்டாம். இடையில் கடலைப்புண்ணாக்கை இரண்டு நாள் ஊறவைத்துப் பத்துப் பங்கு தண்ணீர் கலந்து ஊற்றலாம். நாற்றம் இருக்கும், மாடி வீட்டுக்காரர்களிடம் சொல்லிவிட்டுச் செய்யுங்கள். அடர்பச்சையாகக் கிளைத்துப் பூவே வராமல் நின்றால் தழைச்சத்து மிகுந்துவிட்டது, புண்ணாக்குத் தண்ணீரை ஒரு மாதம் நிறுத்துங்கள்.

பூச்சி

வேப்பெண்ணெய் எல்லாவற்றுக்கும் மருந்து என்று சொல்வார்கள், அப்படியில்லை. அசுவினி, வெள்ளை ஈ, மாவுப்பூச்சி போலச் சாற்றை உறிஞ்சும் பூச்சிகளுக்கு, ஒரு லிட்டர் தண்ணீரில் ஐந்து மில்லி வேப்பெண்ணெயும் சில சொட்டுச் சோப்புக் கரைசலும் கலந்து, மாலையில் இலையின் அடிப்பக்கம் நனையும்படி வாரம் ஒருமுறை தெளித்தால் கட்டுப்படும். வெயிலில் தெளித்தால் இலை கருகும்.

கத்தரியின் தண்டுத்துளைப்பானுக்கு இது எட்டாது. செடி முழுக்க நன்றாக இருக்கும், ஒரே ஒரு கொழுந்து மட்டும் தலைகவிழ்ந்து தொங்கும். அந்தக் கொழுந்தைப் பிளந்தால் உள்ளே இளஞ்சிவப்பாக ஒரு புழு தண்டைக் குடைந்துகொண்டிருப்பதைப் பார்க்கலாம். வாடிய இடத்திலிருந்து மூன்று சென்டிமீட்டர் கீழே வெட்டி, வெட்டிய துண்டை உறையில் கட்டி அப்புறப்படுத்துங்கள். தொட்டியின் அருகிலேயே போட்டால் புழு கூட்டுப்புழுவாகித் திரும்ப வரும். இரண்டு செடி மட்டுமே இருப்பதால் தினமும் ஒரு பார்வை பார்ப்பதே இதற்கு மருந்து. கொழுந்தில் விட்டுவிட்டால் அடுத்த தலைமுறை காய்க்குள் போகும்.

வெண்டையில் இலை நரம்புகள் வலைபோல மஞ்சளானால் அது மஞ்சள் நரம்புத் தேமல், வெள்ளை ஈ பரப்பும் வைரஸ். தேறாது. மனது கேட்காவிட்டாலும் அன்றைக்கே பிடுங்கிவிடுங்கள், மீதி ஏழு செடியாவது பிழைக்கும்.

பருவம் முடிந்த பிறகு

ஓய்ந்த செடியைப் பிடுங்கும்போது வேரைப் பாருங்கள். மணிமணியாக முடிச்சு விழுந்திருந்தால் அது நூற்புழு. அந்தப் பையின் கலவையில் அடுத்ததாகத் தக்காளி, கத்தரி, வெண்டை எதையும் வைக்க வேண்டாம். அதைத் தனியாகக் கொட்டி, ஈரப்படுத்தி, கண்ணாடிபோலத் தெளிவான பாலிதீன் விரிப்பால் ஓரம் இறுக மூடி, கடும் வெயிலில் ஆறு வாரம் விடுங்கள். தடிமன் பதினைந்து சென்டிமீட்டருக்கு மேல் இருந்தால் அடிவரை சூடு போகாது. கறுப்பு விரிப்பு இதற்கு உதவாது, வெயில் உள்ளே இறங்க வேண்டும்.

முடிச்சு இல்லாத கலவைக்கு இவ்வளவு பாடு தேவையில்லை. வேரை அரித்தெடுத்து, நான்கில் ஒரு பங்கு புது எருவும் ஒரு கைப்பிடி வேப்பம்புண்ணாக்கும் கலந்து, தக்காளி இருந்த பையில் கீரை அல்லது வெண்டை, வெண்டை இருந்ததில் தக்காளி என்று மாற்றி மாற்றி வையுங்கள். காலிப் பையை மடித்து நகத்தால் சுரண்டிப் பாருங்கள். பொடியாக உதிர்ந்தால் அந்தப் பை அவ்வளவுதான். அடுத்த பருவத்தின் நடுவில் கிழிந்து, பிளாஸ்டிக் துணுக்குகள் மண்ணோடு கலந்துவிடும்.

கத்தரித் தொட்டியில் வேலை வேறு. காய்ப்பு குறைந்ததும், தொட்டி மண்ணிலிருந்து ஒன்றரைச் சாண் உயரத்தில் இரண்டு மூன்று நல்ல கிளைகளை விட்டு மற்றதை வெட்டிவிடுங்கள். மேல்மண்ணை ஒரு விரல் ஆழத்துக்கு வேர் அறாமல் சுரண்டியெடுத்து, அதே அளவு புது எருவால் நிரப்புங்கள். வெட்டிய பிறகு இலை இருக்காது, தண்ணீர்த் தேவையும் பாதிக்கும் கீழே இறங்கிவிடும். பழைய அளவில் ஊற்றினால் வேர் அழுகிப்போகும். துளிர் வரும்வரை விரல் வைத்துப் பார்த்தே ஊற்றுங்கள். இரண்டு மூன்று வாரத்தில் துளிர்க்கும், இரண்டு மாதத்தில் மறுபடி காய் பறிக்கலாம்.